வட்டி அட்டவணையின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து டெபாசிட்டை ஏணிப்படியாகப் பிரிப்பது எப்படி

ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் என் மாமா, தோட்டத்தில் நிழலுக்காக வளர்ந்திருந்த சில்வர் ஓக் மரங்களில் ஒரு பகுதியை விற்றார். கைக்கு 8 லட்சம் ரூபாய் வந்தது. அவருக்கு வயது 64, அத்தைக்கு 57. பணத்தை டெபாசிட்டில் போடுவது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. எத்தனை வருடத்துக்கு என்பதுதான் கேள்வி. வங்கியின் வட்டி அட்டவணையை யாரோ வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்ப, அதை எனக்குத் தள்ளிவிட்டு, "ஏன் மாப்ள, இதுல எது பெருசோ அதுல மொத்தத்தையும் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. அட்டவணையில் பெரிய எண்ணைத் தேடுவது முதல் வேலை அல்ல. ஒவ்வொரு கூடுதல் காலத்துக்கும் வங்கி உண்மையில் எவ்வளவு தருகிறது என்று கண்டுபிடிப்பதும், பணம் எந்த மாதம் வேண்டும் என்று முடிவு செய்வதும்தான் முதலில் வர வேண்டும். அதன்பிறகு தொகையைத் துண்டு போட்டு, வருடத்துக்கு ஒரு துண்டு முதிரும்படி வைப்பதுதான் ஏணி முறை.

முதலில் படத்தைச் சரிபார்ப்போம்

வாட்ஸ்அப்பில் சுற்றும் அட்டவணையில் தலைப்பும் அடிக்குறிப்பும் வெட்டுப்பட்டிருப்பது வழக்கம். முக்கியமான விஷயங்கள் அங்கேதான் இருக்கும். ஆகவே படத்தை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, அதே அட்டவணையை வங்கியின் இணையதளத்தில் நீங்களே திறந்து, முழுப் பக்கத்தையும் புதிதாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது தேதி. `w.e.f.` என்று போட்டு ஒரு நாள் இருக்கும், அன்றிலிருந்துதான் அந்த வட்டி அமல். வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை, 2025 தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்ததை, ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு டிசம்பருக்குள் நான்கு முறை குறைத்து 5.25-க்குக் கொண்டுவந்தது. வங்கிகளும் பின்னாலேயே டெபாசிட் வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்தன. நான்கு மாதம் பழைய படம் என்றால் அது வெறும் பழங்கதை.

இன்னொரு சிக்கல், சில வங்கிகள் பழைய வட்டியையும் திருத்திய வட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடும். `Existing` என்பது பழையது, `Revised` என்பது புதியது. மூத்த குடிமக்களுக்கும் அதேபோல் இரண்டு பத்திகள். ஆக நான்கு பத்திகளில் நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்க்கும்போது தலைப்பு திரைக்கு மேலே போய்விடும், கண் பக்கத்துப் பத்திக்குத் தாவிவிடும். தேவையான பத்தியைப் பேப்பரில் எழுதிக்கொள்வது நல்லது.

மூன்றாவது, தொகை. 3 கோடி ரூபாய்க்குக் குறைவான டெபாசிட்டுக்கு ஓர் அட்டவணை, அதற்கு மேல் வேறு அட்டவணை. நமக்கு முதலாவது. வட்டிக்குப் பக்கத்தில் ஆண்டு ஈட்டம் என்று ஒரு பத்தி இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். காலாண்டுக் கூட்டுவட்டியைச் சேர்த்துக் காட்டுவதால் 7 சதவீதம் அங்கே 7.19 ஆகத் தெரியும். ஒரு வங்கியின் ஈட்டத்தை இன்னொரு வங்கியின் வட்டியோடு ஒப்பிட்டால் இல்லாத லாபம் தெரியும்.

படத்தில் இருப்பது வங்கிதானா என்பதையும் பாருங்கள். நிதி நிறுவனங்களின் டெபாசிட் அட்டவணையும் இதே அழகில்தான் இருக்கும், வட்டியும் தூக்கலாக இருக்கும். ஆனால் டெபாசிட் காப்பீடு அவற்றுக்குக் கிடையாது. கூட்டுறவிலும் வேறுபாடு உண்டு. மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி காப்பீட்டுக்குள் வரும். ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வராது.

கால வரம்பின் ஓரங்களைப் படிப்பது

கணக்குப் புரிவதற்காக ஒரு மாதிரி அட்டவணை தருகிறேன். எண்கள் வசதிக்காக நான் வைத்தவை, எந்த வங்கியுடையதும் அல்ல. ஆனால் நடுவில் மேடும் கடைசியில் இறக்கமுமாக இருக்கும் இந்த வடிவம் நீங்கள் அடிக்கடி பார்க்கக்கூடியது.

| காலம் | பொது | மூத்த குடிமக்கள் |
|---|---|---|
| 180 நாள் முதல் 1 ஆண்டுக்குள் | 5.75 | 6.25 |
| 1 ஆண்டு முதல் 2 ஆண்டுக்குள் | 6.25 | 6.75 |
| 444 நாள், சிறப்புத் திட்டம் | 6.50 | 7.00 |
| 2 ஆண்டு முதல் 3 ஆண்டுக்குள் | 6.40 | 6.90 |
| 3 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குள் | 6.30 | 6.80 |
| 5 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை | 6.00 | 6.50 |

இங்கே "5 ஆண்டுக்குள்" என்றால் 5 ஆண்டு நிறையாதது. சரியாக 5 ஆண்டு போட்டால் அடுத்த வரிக்குப் போய்விடும். அங்கே வட்டி 0.30 குறைவு. இதன் விளைவைப் பாருங்கள். 2 லட்சத்தை மூத்த குடிமக்கள் வட்டியில் 5 ஆண்டுக்குப் போட்டால் முதிர்வில் சுமார் 2,76,100 ரூபாய் வரும். அதே பணத்தை 59 மாதத்துக்குப் போட்டால் சுமார் 2,78,600. ஒரு மாதம் முன்னதாகவே பணமும் வருகிறது, 2,500 ரூபாய் கூடுதலாகவும் வருகிறது. கவுன்டரில் "அஞ்சு வருஷம்" என்று வாயால் சொல்லிவிட்டால் இது நமக்குத் தெரியவே போவதில்லை.

எல்லா வங்கியும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. `1 Year to less than 2 Years` என்று இருந்தால் சரியாக 2 ஆண்டு அடுத்த வரியில் சேரும். `Above 1 Year up to 2 Years` என்று இருந்தால் சரியாக 2 ஆண்டு இந்த வரியிலேயே நிற்கும், சரியாக 1 ஆண்டுதான் வெளியே போகும். இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது, ஒவ்வொரு வரியின் இரு முனைகளும் உள்ளே சேர்த்தியா வெளியேயா என்று குறித்துக்கொண்ட பிறகே எண்களை ஒப்பிடுங்கள்.

மூத்த குடிமக்கள் பத்தியை எடுக்க முதல் பெயர் 60 வயது நிறைந்தவருடையதாக இருக்க வேண்டும். மாமாவும் அத்தையும் சேர்ந்து போட்டாலும், அத்தை பெயர் முதலில் வந்தால் பொது வட்டிதான். 8 லட்சத்துக்கு அரை சதவீதம் என்றால் வருடத்துக்கு 4,000 ரூபாய், வெறும் பெயர் வரிசையில் போய்விடும்.

ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் என்ன கிடைக்கிறது

அட்டவணையில் 2 ஆண்டுக்கு 6.90 என்று இருந்தால், இரண்டு வருடமும் அதே வட்டி என்பது ஒரு பார்வை. வேறு மாதிரியும் பார்க்கலாம். 1 ஆண்டுக்குப் போட்டால் 6.75 கிடைக்கும். 2 ஆண்டுக்குப் போடுவதால் இரண்டாவது ஆண்டுக்குத் தனியாக எவ்வளவு வாங்குகிறோம்? இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 13.80, அதில் முதல் வருடத்தின் 6.75 போக மீதி 7.05. இரண்டாவது வருடத்துக்கு வங்கி இன்றே எழுதிக் கொடுக்கும் வட்டி அதுதான். கூட்டுவட்டியை விட்டுவிட்ட குறுக்குக் கணக்கு இது. காலாண்டுக் கூட்டுவட்டியோடு முறைப்படி போட்டாலும் இந்த எண்களில் விடை 7.05 தான்.

இதே போல மேலே போகலாம். மூன்று ஆண்டுக்கு 6.80, மொத்தம் 20.40. அதில் முதல் இரண்டு ஆண்டின் 13.80-ஐக் கழித்தால் மூன்றாவது ஆண்டுக்கு 6.60. நான்கு ஆண்டும் அதே 6.80 வரியில் இருப்பதால் நான்காவது ஆண்டுக்கு 6.80. ஐந்து ஆண்டுக்கு 6.50, மொத்தம் 32.50. நான்கு ஆண்டின் 27.20-ஐக் கழித்தால் ஐந்தாவது ஆண்டுக்குக் கிடைப்பது வெறும் 5.30.

அட்டவணையில் 6.80-க்குக் கீழே 6.50 என்று படிக்கும்போது சின்ன இறக்கமாகத்தான் தெரிகிறது. கழித்துப் பார்த்தால்தான் அந்தக் கடைசி வருடத்துக்கு ஆறு மாத டெபாசிட்டை விடவும் குறைவாக வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டிப்போடுகிறோம் என்று விளங்குகிறது. இந்த அட்டவணையை வைத்து ஏணி போட்டால் அதன் மேல்படி 5 ஆண்டில் இருக்கவே கூடாது. ஆனால் வேறொரு வங்கியின் அட்டவணையில் 5 ஆண்டுக்குத்தான் உச்ச வட்டி இருக்கலாம். அதனால் "ஐந்து வருட ஏணி" என்று பொதுவாகச் சொல்லப்படும் யோசனையை அப்படியே எடுக்காமல், உங்கள் கையில் இருக்கும் அட்டவணையில் இந்தக் கழித்தலைச் செய்து, எங்கே விழுகிறது என்று பாருங்கள். விழும் இடத்துக்கு முன்னால் ஏணியை நிறுத்துங்கள்.

444 நாள் வரிக்கும் இதே கணக்கு உதவும், வருடத்துக்குப் பதில் நாளால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். 444-ஐ 7.00-ஆல் பெருக்கினால் 3,108. அதில் 365 நாளை 6.75-ஆல் பெருக்கி வரும் 2,463.75-ஐக் கழித்தால் மீதி 644.25. இதைக் கூடுதலான 79 நாட்களால் வகுத்தால் 8.15. அதாவது ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும் அந்த 79 நாளுக்கு வங்கி எட்டு சதவீதத்துக்கு மேல் தருகிறது. சிறப்புத் திட்டம் என்ற பெயர் வந்தாலே சந்தேகப்படுபவன் நான். இந்த எண்களில் சந்தேகத்துக்கு இடமில்லை, நல்ல படிதான்.

சரி, அப்படியானால் மாமா கேட்டதுபோல மொத்தத்தையும் 444 நாளில் போட்டால் என்ன? போடலாம், ஆனால் முதிரும் அந்த ஒரு நாளில் 8 லட்சமும் வட்டியுமாகச் சேர்ந்து சுமார் 8,70,000 ரூபாய், அன்றைய அட்டவணையிடம் மாட்டிக்கொள்ளும். அன்று வட்டி ஒரு சதவீதம் இறங்கியிருந்தால் வருடத்துக்கு 8,700 ரூபாய் குறையும். நான்காகப் பிரித்து ஒரு பகுதி மட்டும் அன்று முதிர்ந்தால் குறைவது 2,200-க்குள் நிற்கும். வட்டி ஏறியிருந்தால் ஏணிக்காரருக்கு அதே அளவு லாபம் கைநழுவும் என்பதும் உண்மைதான். ஏணி முறை அதிக வட்டிக்கான வழி அல்ல, ஒரே நாளின் வட்டியில் எல்லாம் தொங்காமல் இருப்பதற்கான வழி.

படிகளை மாதத்தோடு பொருத்துவது

பெரும்பாலானவர்கள் 1, 2, 3, 4 ஆண்டு என்று முழு எண்களில் பிரித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். மாமாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, உங்களுக்கு எந்த மாதம் கை இறுக்கம் என்பது. காப்பிப் பழம் பறிப்பு டிசம்பர், ஜனவரியில். கூலி நிறையப் போகும், ஆனால் பின்னாலேயே காப்பி விற்ற பணம் வரும். அதையடுத்து மிளகு. கை காய்வது மே, ஜூனில்தான். மழைக்கு முன் நிழல் மரக் கிளை கழிக்க வேண்டும், உரம் வாங்க வேண்டும், சேலத்தில் கல்லூரியில் படிக்கும் பேத்திக்குக் கட்டணம் கட்ட வேண்டும். "மே மாசம்தான் மாப்ள மூச்சு முட்டும்" என்றார் மாமா.

டெபாசிட் போடும் நாளை 2026 பிப்ரவரி 16 என்று வைத்துக்கொள்வோம். முழு ஆண்டுகளாகப் பிரித்தால் எல்லாப் படியும் பிப்ரவரியில் முதிரும். அப்போது அவர் கையில் காப்பிப் பணமே இருக்கும். மூன்று மாதம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கும், அல்லது கண்டதற்கும் செலவாகும்.

444 நாளை எண்ணினால் 2027 மே 6 வருகிறது. கேட்டு வைத்ததுபோல் சரியான மாதம். மற்ற படிகளையும் மே மாதத்துக்குத் தள்ளினால் 27 மாதம், 39 மாதம், 51 மாதம் என்று வரும். அட்டவணையில் பார்த்தால் 27 மாதம் 6.90 வரியிலும், மற்ற இரண்டும் 6.80 வரியிலும் விழுகின்றன. 51 மாதம் என்பது 5 ஆண்டு ஓரத்துக்கு வெகு முன்னால். எந்தப் படியும் தவறான வரிக்குள் விழவில்லை.

ஒவ்வொன்றிலும் 2 லட்சம் போட்டால்:

| படி | வட்டி | முதிரும் நாள் | சுமார் முதிர்வுத் தொகை |
|---|---|---|---|
| 444 நாள் | 7.00 | 2027 மே 6 | 2,17,620 |
| 27 மாதம் | 6.90 | 2028 மே 16 | 2,33,280 |
| 39 மாதம் | 6.80 | 2029 மே 16 | 2,49,000 |
| 51 மாதம் | 6.80 | 2030 மே 16 | 2,66,370 |

வட்டியை இடையில் வாங்காமல் முதலோடு சேரவிடும் டெபாசிட்டுக்கான கணக்கு இது. வங்கிகள் பொதுவாகக் காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை முதலில் சேர்க்கும். 27 மாதம் என்பது 9 காலாண்டு. விரிதாளில் இப்படிப் போட்டால் போதும்:

```
=200000*(1+6.9%/4)^9
```

39 மாதத்துக்கு அடுக்கு 13, 51 மாதத்துக்கு 17. காலாண்டில் முழுதாக வகுபடாத 444 நாளுக்கு நான்கு காலாண்டு கூட்டுவட்டியும், மிச்சம் 79 நாளுக்குத் தனிவட்டியும் போட வேண்டும்:

```
=200000*(1+7%/4)^4*(1+7%*79/365)
```

வங்கி தரும் ரசீதில் சில ரூபாய் முன்பின் இருக்கலாம். நூற்றுக்கணக்கில் வேறுபட்டால் காலமோ வட்டியோ தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே கேளுங்கள்.

மாதத்தைப் பார்க்காமல் ஓரங்களை மட்டும் பார்த்திருந்தால் மூன்றாவது படியை 35 மாதமாக வைக்கத் தோன்றும். 6.90 வரியில் அதுதான் கடைசி முழு மாதம். 36 மாதத்துக்கு 6.80-ல் போட்டால் கிடைக்கும் கூடுதல் தொகை 670 ரூபாய்தான், அந்தக் கடைசி மாதத்துக்கு ஆண்டுக்கணக்கில் 3.3 சதவீதம்தான் விழுகிறது. ஆனால் 35 மாதம் ஜனவரியில் முதிரும், மாமாவுக்கு உதவாது. சில நூறு ரூபாய்க்காக முதிரும் மாதத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்களுக்கு ஜனவரிதான் செலவு மாதம் என்றால் 35 மாதமே சரி.

எத்தனை வங்கி

டெபாசிட் காப்பீடு 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை. முதலும் வட்டியும் சேர்த்துத்தான் இந்த 5 லட்சம், ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்துத்தான். நான்கு ரசீதாகப் பிரித்தாலும் ஒரே வங்கியில் ஒரே பெயரில் இருந்தால் ஒன்றாகத்தான் கூட்டுவார்கள்.

ஆகவே இரண்டு வங்கி. முதல், மூன்றாம் படிகள் ஒன்றில், இரண்டாம், நான்காம் படிகள் மற்றொன்றில். முதல் வங்கியில் 444 நாள் படி முதிரும்போது அங்கே இரண்டு ரசீதும் சேர்ந்து நான்கரை லட்சத்துக்குள்தான் இருக்கும். இரண்டாவது வங்கியில் 27 மாதப் படி முதிரும் நாளில் நான்கே முக்கால் லட்சத்தைத் தாண்டாது. இரண்டுமே வரம்புக்குள்.

இரண்டாவது வங்கியில் 444 நாள் என்ற வரியே இல்லாமல் போகலாம், அதற்குப் பதில் 400 நாளோ 555 நாளோ இருக்கலாம். அதனால்தான் சிறப்புப் படியை முதல் வங்கியில் வைத்தேன். மற்ற வரிகளில் அங்கே 0.10 குறைவாக இருந்தால்? 2 லட்சத்துக்கு வருடத்துக்கு 200 ரூபாய். இந்த 200-க்காக ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் நாலு ரோட்டுக்கு வந்து புதிதாக ஒரு கணக்குத் திறப்பதை விட, மலை மேலேயே கிளை இருக்கும் வங்கியில் போடுவது மேல். அரை சதவீத வித்தியாசம் என்றால் கதை வேறு, வருடத்துக்கு 1,000 ரூபாய்.

வரிப் பிடித்தத்திலும் இந்தப் பிரிப்பு உதவும். ஒரு வங்கி ஒரு நிதியாண்டில் தரும் வட்டி மூத்த குடிமக்களுக்கு 1 லட்சத்தையும், மற்றவர்களுக்கு 50,000 ரூபாயையும் தாண்டினால்தான் வரி பிடிக்கும். 2025 ஏப்ரல் முதல் இந்த வரம்பு. 8 லட்சத்துக்கு வருட வட்டி சுமார் 55,000 என்பதால் மாமா பெயரில் பிடித்தம் வராது. அத்தை பெயரில் ஒரே வங்கியில் போட்டிருந்தால் வந்திருக்கும். முதிரும்போது மொத்தமாகக் கிடைக்கும் டெபாசிட்டிலும் அந்தந்த ஆண்டில் சேர்ந்த வட்டியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பிடிக்கவில்லை என்பதால் அந்த வட்டி வருமானத்தில் சேராது என்று நினைக்க வேண்டாம், அது வேறு கணக்கு.

நடுவில் பணம் தேவைப்பட்டால்

ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். முன்கூட்டியே டெபாசிட்டை உடைத்தால், போட்ட நாளில் அமலில் இருந்த அட்டவணையில், உண்மையில் இருந்த காலத்துக்கு என்ன வட்டியோ அதைத்தான் வங்கி எடுக்கும், அதிலும் அபராதம் கழிக்கும். அபராதம் பல வங்கிகளில் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம். அன்றைய அட்டவணை கையில் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம். உடைக்கும் நாளின் அட்டவணை இதற்கு உதவாது.

ஓர் உதாரணம். 2027 டிசம்பர் நடுவில் மருத்துவச் செலவுக்கு மாமாவுக்கு 1 லட்சம் வேண்டும் என்று வைப்போம். 22 மாதம் ஆகியிருக்கும். 27 மாதப் படியை உடைத்தால் 1 ஆண்டு முதல் 2 ஆண்டுக்குள் வரியின் 6.75, அபராதம் ஒரு சதவீதம் போக 5.75. அதுவரை 6.90-ல் சேர்ந்திருக்க வேண்டியது சுமார் 2,26,700. கைக்கு வருவது சுமார் 2,22,100. நஷ்டம் 4,600 ரூபாய்க்கு மேல். இதைவிட அதே ரசீதின் பேரில் கடன் வாங்கலாம். டெபாசிட் வட்டியை விட ஒரு சதவீதம் கூடுதலாக வங்கி கடன் வட்டி போடுகிறது என்று கொண்டால், மே வரை ஐந்து மாதத்துக்கு 1 லட்சத்தின் மீது உண்மையில் கையைக் கடிப்பது அந்த ஒரு சதவீதம்தான், சுமார் 420 ரூபாய். முதிரும் நாள் பக்கத்தில் இருந்தால் கடன், வெகுதூரத்தில் இருந்தால் உடைப்பு என்று யோசியுங்கள்.

உடைத்தே ஆக வேண்டும் என்றால் எந்தப் படியை? போட்டதிலிருந்து ஆன காலம் எல்லாப் படிக்கும் ஒன்றே என்றால், போன நாட்களுக்குக் கிடைக்கும் வட்டியும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. வித்தியாசம் வரப்போகும் காலத்தில்தான். போட்ட நாளைவிட இப்போது வட்டி இறங்கியிருந்தால் நீண்ட படிகளைத் தொடாதீர்கள், பழைய நல்ல வட்டி அவற்றில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. சீக்கிரம் முதிர இருப்பதை உடையுங்கள். வட்டி ஏறியிருந்தால் நேர்மாறாக, நீண்டதை உடையுங்கள்.

வரிச் சலுகைக்கான 5 ஆண்டு டெபாசிட்டை இந்த ஏணியில் சேர்க்க வேண்டாம். அதை நடுவில் உடைக்கவும் முடியாது, அதன் பேரில் கடனும் கிடைக்காது.

முதிரும்போது செய்ய வேண்டியது

தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் பலர் வசதி என்று நினைத்து டிக் செய்துவிடுவார்கள். ஏணிக்கு அது பகை. 444 நாள் படி 2027 மே மாதம் தானாகப் புதுப்பிக்கப்பட்டால் மறுபடி 444 நாளுக்கே போகும். அப்போது அந்தச் சிறப்புத் திட்டம் முடிந்திருந்தால் சாதாரண வரியின் வட்டிதான் கிடைக்கும். முதிரும் மாதமும் ஜூலைக்குத் தள்ளிப்போய்விடும். ஆகவே படிவத்தில், முதிர்வுத் தொகையைச் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கும்படி எழுதுங்கள். அப்படி எதுவும் எழுதாமல், புதுப்பிக்கவும் செய்யாமல் முதிர்ந்த பணத்தை வங்கியிலேயே கிடக்கவிட்டால், சேமிப்புக் கணக்கு வட்டி அல்லது பழைய டெபாசிட் வட்டி, இரண்டில் எது குறைவோ அதுதான் சேரும்.

2027 மே மாதத்தில் 2,17,620 கைக்கு வந்ததும் உரத்துக்கும் கட்டணத்துக்கும் வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை ஏணியின் உச்சிப் படியில் வைக்க வேண்டும், அதாவது 2031 மே வரை, 48 மாதம். மற்ற மூன்று படிகளும் ஏற்கனவே 2028, 2029, 2030 மே மாதங்களில் நிற்கின்றன, அதனால் வரிசை அறுபடாது. ஆனால் 48 மாதம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடாமல், அன்றைய அட்டவணையில் அதே கழித்தலைச் செய்யுங்கள். நான்காவது ஆண்டுக்குக் கிடைப்பது அன்று ஐந்துக்குக் கீழே போயிருந்தால், ஒரு படி குறைத்து மூன்று ஆண்டு ஏணியாகவே ஓட்டலாம். அப்போது 2030 மே மாதத்தில் இரண்டு ரசீது ஒன்றாக முதிரும். அதில் தப்பில்லை, எந்த வங்கியில் எவ்வளவு சேர்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரசீது கையில் வந்ததும் கவுன்டரை விட்டு நகரும் முன் ஐந்து இடங்களைப் பாருங்கள்: முதல் பெயர், வட்டி விகிதம், முதிரும் நாள், முதிர்வுத் தொகை, முதிர்வின்போது என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு. கைப்பேசி செயலியில் போடுகிறவர்கள் காலத்தை மாதமாகக் கொடுக்கிறோமா நாளாகக் கொடுக்கிறோமா என்பதையும் கவனியுங்கள். சிறப்புத் திட்டத்துக்குச் சரியாக 444 நாள் என்று நாள் கணக்கில் கொடுத்தால்தான் அந்த வட்டி வரும். 14 மாதம், 15 மாதம் என்று கொடுத்தால் சாதாரண வரியின் 6.75 தான் திரையில் காட்டும், உறுதி செய்யும் பொத்தானை அழுத்தும் முன்பே அது தெரியும்.